ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால்: ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கில் நான் இரண்டு முறை கோட்டைவிட்ட இடம்

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் திரும்பினால் கேரளம். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ், நர்சிங் படித்தது ஆங்கிலத்தில், வேலை பார்ப்பது பாலக்காட்டில் மலையாளத்தில். எங்கள் பக்கத்து நர்ஸ் பெண்கள் பலரையும் போல எனக்கும் பிரிட்டன் போக வேண்டும் என்று ஆசை. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு வழியாகப் போனால் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். ஆஸ்பத்திரி இன்டர்வியூ முடித்து, இந்த மார்க் வந்தால் போதும் என்ற நிலையில்தான் நான் முதல் முறை எழுதப் போனேன். ரைட்டிங்தான் காலை வாரும் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். ரைட்டிங் 6.5 வந்துவிட்டது. ரீடிங் 6.5. அரை மார்க்கில் நின்றுபோனேன்.

அப்போது பரீட்சைக் கட்டணம் 17,000 ரூபாய். என் சம்பளம் 22,000. மூன்று மாதம் கழித்து மறுபடி கட்டி எழுதினேன், மறுபடியும் ரீடிங் 6.5. அதற்குள் அந்த ஆஸ்பத்திரி கொடுத்திருந்த கெடு முடிந்து, என் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. கோச்சிங்குக்கு 15,000, இரண்டு பரீட்சைக்கு 34,000, சம்பளம் இல்லாத லீவு ஏழு நாள். பணத்தை விட மனசு விட்டுப்போனதுதான் பெரிசு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். நான் ரிசல்ட் வந்த அன்றைக்கு ராத்திரி டூட்டிக்குப் போய், மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் ஆங்கிலம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை, ஒரே ஒரு வகைக் கேள்வியில்தான் மார்க் ஒழுகிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. இதை எழுதுவது அந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும்தான்.

ரீடிங்கில் படிக்கத் தரும் பத்தியில் நாலைந்து ஆராய்ச்சியாளர் பெயர் வரும். கேள்வியில் அந்தப் பெயர்களை ஏ, பி, சி என்று பட்டியல் போட்டிருப்பார்கள். மேலே சில கூற்றுகள் இருக்கும். எந்தக் கூற்று யாருடையது என்று பொருத்த வேண்டும். சில சமயம் ஆட்களுக்குப் பதில் குழுக்கள் வரும். பார்த்தால் எளிது. கோச்சிங்கில் எங்களுக்குச் சொன்ன வழி இதுதான்: கூற்றைப் படி, பெயரைத் தேடு, பெயருக்குப் பக்கத்து வரியைப் பார், எழுது. பயிற்சியில் சில நாள் இது சரியாக வந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு கோச்சிங்கை நிறுத்திவிட்டு, வீட்டில் நானே உட்கார்ந்தேன். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் மதியம் இரண்டு மணி. ஆடிக் காற்றில் தென்னை மட்டை பேயாட்டம் ஆடும், கரண்ட் போய்ப் போய் வரும். ஒரு பழைய நர்சிங் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில், தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் அது என்ன வகை, ஏன் தப்பானது என்று ஒரு வரி எழுதிவைத்தேன். பதினான்கு முழுப் பயிற்சித் தேர்வு போட்டேன். அதில் ஆட்களோடு கூற்றைப் பொருத்தும் கேள்விகள் மட்டும் 47. நான் தப்பாக எழுதியது 21. அந்த 21-ல் 16, பத்தியில் ஒரு முறைக்கு மேல் வந்த பெயரைச் சுற்றியே இருந்தது. அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்த நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது.

பரீட்சையில் வந்த பத்தியை வெளியே சொல்லக் கூடாது. அதனால், நான் பயிற்சிக்காக எழுதிவைத்த ஒன்றையே காட்டுகிறேன். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்து எப்படி வந்தது என்பது பற்றியது, தகவல் எல்லாம் உண்மையானது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

"1912-ல் ஆல்ஃபிரட் வெகெனர், கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பின்னர் விலகின என்றார். ஆனால் வெகெனர் சொன்ன விசைகள் கண்டத்தை நகர்த்தும் அளவுக்கு வலுவானவை அல்ல என்று ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் வாதிட்டார். 1920-களின் இறுதியில் ஆர்தர் ஹோம்ஸ், வெகெனரால் விளக்க முடியாததற்கு ஒரு காரணம் சொன்னார்: பூமியின் உள்ளே கதிரியக்கத்தால் உண்டாகும் வெப்பம் மெதுவான ஓட்டங்களை உருவாக்கி, மேலே உள்ள கண்டங்களை இழுத்துச் செல்லலாம். 1950-களின் தொடக்கத்தில் மேரி தார்ப், புரூஸ் ஹீசனும் மற்றவர்களும் கப்பலில் சென்று திரட்டிய ஆழ அளவுகளை வரைபடமாக்கினார். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் உள்ள மலைத்தொடரான நடுமுகட்டின் உச்சியில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுவதைத் தார்ப் கண்டார். ஹீசன் முதலில் அதை ஏற்கவில்லை. நிலநடுக்கம் நிகழ்ந்த இடங்களும் அதே பள்ளத்தாக்கில் வரிசையாக விழுந்த பிறகே ஒப்புக்கொண்டார். பின்னாளில் ஹீசன், பூமியே விரிந்துகொண்டு போவதால் அந்தப் பிளவு திறக்கிறது என்று கருதினார். 1962-ல் ஹாரி ஹெஸ், முகட்டில் புதிய கடல்தரை உருவாகி அகழிகளில் உள்ளே போய்விடுகிறது என்றார். அப்படியானால், ஹீசன் நினைத்தது போலப் பூமி பெரிதாக வேண்டிய தேவையில்லை."

கூற்றுகள் ஐந்து. ஒன்று, உடன் பணியாற்றியவரின் கண்டுபிடிப்பைத் தொடக்கத்தில் மறுத்தார். இரண்டு, பூமியின் அளவு மாறாமல் இருப்பதில்லை என்று எண்ணினார். மூன்று, முன்னவரின் கருத்தில் விடுபட்டிருந்த இயக்கக் காரணத்தைத் தந்தார். நான்கு, பிறர் சேகரித்த தரவிலிருந்து ஒரு நில அமைப்பைக் கவனித்தார். ஐந்து, சொல்லப்பட்ட காரணம் போதாது என்றார். பட்டியலில் ஆறு பேர்: வெகெனர், ஜெஃப்ரீஸ், ஹோம்ஸ், தார்ப், ஹீசன், ஹெஸ்.

இது நானே எழுதிய பத்தி. பத்து நாள் மறந்துவிட்டு, பழைய முறையில், கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் மூன்று தப்பு. முதல் கூற்றுக்குத் தார்ப் என்று எழுதினேன், ஏனென்றால் கண்டுபிடிப்பு என்றதும் கண் தார்ப் பெயரில் போய் நின்றது. இரண்டாவதுக்கு ஹெஸ், ஏனென்றால் பூமி பெரிதாவது என்ற பேச்சு அவர் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது. மூன்றாவதுக்கு வெகெனர். மூன்றுமே பெயருக்கும் கூற்றில் உள்ள சொல்லுக்கும் இடையே இருந்த கிட்டத்தை நம்பியதால் வந்தவை. சரியான விடை வரிசையாக ஹீசன், ஹீசன், ஹோம்ஸ், தார்ப், ஜெஃப்ரீஸ்.

இதில் வெகெனரைப் பாருங்கள். மூன்று முறை பெயர் வருகிறது, ஆனால் அவருக்கு ஒரு கூற்றும் இல்லை. அவர் சொந்தமாகப் பேசுவது முதல் வரியில் மட்டும். இரண்டாவது இடத்தில் ஜெஃப்ரீஸ் பேசுகிறார், மூன்றாவது இடத்தில் ஹோம்ஸ் பேசுகிறார். வெகெனர் அங்கே பேசப்படும் ஆள், பேசும் ஆள் அல்ல. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெயர் அடிக்கடி வந்தால் அவர் முக்கியமானவர், அவருக்கு ஒரு விடையாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பட்டியலில் உள்ள எல்லாப் பெயரும் பயன்பட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஹீசன் விஷயம் வேறு. அவருக்கு இரண்டு இடத்தில் இரண்டு வெவ்வேறு வேலை. ஓரிடத்தில் சக ஊழியர் சொன்னதை ஏற்காதவர், இன்னோர் இடத்தில் பூமி விரிகிறது என்று தானே ஒரு கருத்து சொன்னவர். நான் முதல் இடத்தைப் பார்த்ததும் ஹீசன் கணக்கு முடிந்தது என்று மனசுக்குள் மூடிவிடுவேன். கேள்விக்கு மேலே, எந்த எழுத்தையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். அந்த வரி இருந்தால், ஒரு ஆள் இரண்டு கூற்றுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். நான் இரண்டு பரீட்சையிலும் அந்த வரியைப் படித்ததாக நினைவே இல்லை.

இன்னொன்று, நம் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல். நமக்குப் பெயர் என்றால் அவரவர் பெயர்தான், முன்னால் அப்பா பேரின் எழுத்து. கூப்பிடுவதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். ஆங்கிலப் பத்தியில் முதல் தடவை மேரி தார்ப் என்று முழுசாகச் சொல்லிவிட்டு, அடுத்த தடவையிலிருந்து தார்ப் என்று மட்டும் எழுதுவார்கள். என் மனசில் பதிந்தது மேரி. நாலு வரி தள்ளி தார்ப் என்று வந்ததும், யார் இது புதுசாக என்று ஒரு நொடி தடுமாறும். அதுவே இரண்டு மூன்று பாரா தள்ளி வந்தால் நிஜமாகவே வேறு ஆள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். போதாததற்கு ஹோம்ஸ், ஹீசன், ஹெஸ் மூவரும் ஒரே எழுத்தில் தொடங்குகிறார்கள். அவசரத்தில் கண் முதல் எழுத்தை மட்டும் பிடிக்கும். இப்போது நான் பட்டியலைப் பார்த்தவுடனே கடைசிப் பெயரை மட்டும் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொள்வேன்.

குழுப்பெயர் வந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் குழுவுக்கு ஒரே பெயர் நிலையாக இருக்காது. முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரால் வரும், அடுத்து அந்த நாட்டுக் குழு என்று வரும், பிறகு வெறும் அவர்கள். பட்டியலில் இருக்கும் பெயர் பத்தியில் ஒரு தடவைதான் தெரியும், மற்ற இடங்களில் வேறு சொல்லில் ஒளிந்திருக்கும். இதற்கு நான் செய்வது, அவர்கள் என்றோ அவர் என்றோ வரும் இடத்தில் நின்று, பின்னால் போய் அது யாரைக் குறிக்கிறது என்று பார்த்து, அந்தச் சொல்லையும் பெயர் போலவே குறித்துக்கொள்வது.

சரி, நான் மாற்றிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். கூற்றிலிருந்து பத்திக்குப் போவதை விட்டுவிட்டேன். இந்த வகைக் கேள்வியில் கூற்றுகள் பத்தியின் வரிசையில் வராது, அதனால் ஒவ்வொரு கூற்றுக்கும் பத்தி முழுவதையும் அலச வேண்டிவரும். ஐந்து கூற்று என்றால் ஐந்து அலசல். என் இரண்டாவது பரீட்சையில் இப்படி ஐந்து கேள்விக்கு 11 நிமிடம் போனது. மொத்தம் 60 நிமிடத்தில் மூன்று பத்தி, 40 கேள்வி. அந்த 11 நிமிடத்தைக் கடைசிப் பத்தியில்தான் இழந்தேன், நாலு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்பதால் காலியாக விடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது முதலில் பெயர்களை மட்டும் பத்தி முழுவதும் குறிக்கிறேன். பெரிய எழுத்தில் தொடங்குவதால் கண்ணுக்குச் சீக்கிரம் படும். கம்ப்யூட்டரில் எழுதினால், சொல்லை மவுஸால் தேர்ந்து மஞ்சள் அடிக்கலாம். பேப்பரில் பயிற்சி செய்தால் பென்சிலில் வட்டம். இதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. முடித்ததும் யார் ஒரு முறை, யார் பல முறை என்று தெரிந்துவிடும். மேலே உள்ள பத்தியில் ஜெஃப்ரீஸ், ஹோம்ஸ், ஹெஸ் மூவரும் ஒரு முறைதான். இவர்கள் வரியை முதலில் படித்து, அதற்கு ஒத்துப்போகும் கூற்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஜெஃப்ரீஸுக்கு ஐந்தாவது உடனே விழும். ஹோம்ஸுக்கு மூன்றாவது. ஹெஸ் சொன்னதற்கு ஒத்த கூற்று இல்லை, அதனால் அவரை விட்டுவிடலாம். இப்போது மிச்சம் மூன்று கூற்றும், தார்ப், ஹீசன், வெகெனர் மூவரும்தான். குழம்ப இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

பல முறை வந்தவருக்கு, எல்லா இடத்தையும் படித்து முடிக்கும்வரை விடை எழுத மாட்டேன். ஒரே வரியில் இரண்டு பெயர் இருந்தால் வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, இதைச் செய்தது யார் என்று கேட்கிறேன். ஆங்கிலத்தில் அன்லைக் என்று தொடங்கும் வரிகள் இதில் மோசமானவை. ஒருவரைப் போல அல்லாமல் இன்னொருவர் இப்படிக் கண்டார் என்று வரும்போது, முதலில் கண்ணில் படும் பெயர் அந்தக் கருத்துக்கு எதிரான ஆளுடையது. கமா தாண்டி வரும் பெயர்தான் சொந்தக்காரர். பை என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறகு ஆள் பெயர் வரும் வாக்கியமும் அப்படித்தான், செய்தவர் பெயர் கடைசியில் இருக்கும்.

தமிழிலும் இதே தடுமாற்றம் உண்டு என்பதை வார்டில்தான் உணர்ந்தேன். எங்கள் வார்டில் ஒரு சமயம் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள், நாலாம் கட்டிலிலும் ஒன்பதாம் கட்டிலிலும். ஹேண்டோவரில் பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டோம். பெயரோடு ஐபி நம்பரும் சொல்வோம், கையில் உள்ள பட்டையைப் படித்துவிட்டுத்தான் ஊசி. கேஸ் ஷீட்டில் ஒரு டாக்டர் பார்த்ததாகவும், மருந்தை இன்னொரு டாக்டர் சொன்னதாகவும் எழுதியிருந்தால், ஆர்டர் யாருடையது என்று கேட்காமல் கொடுக்க மாட்டோம். எட்டு வருஷமாகக் கை தானாகச் செய்யும் வேலை இது. அந்தக் கவனத்தை ஒரு பத்திக்குள் கொண்டுவர எனக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 17,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பெயர் குறிப்பதால் ஆளைக் கண்டுபிடிக்கலாம், கூற்றைப் புரிந்துகொள்ள அது உதவாது. பூமி விரிகிறது என்பதும் பூமியின் அளவு மாறாமல் இருப்பதில்லை என்பதும் ஒன்றே என்று தெரிய வேண்டும். கூற்றில் உள்ள சொல் பத்தியில் அப்படியே கிடைத்தால் நான் இப்போது சந்தேகப்படுகிறேன், பெரும்பாலும் அது வேறு ஆளின் வரியாக இருக்கிறது. அதனால் பத்திக்குப் போகும் முன் ஒவ்வொரு கூற்றையும் தமிழில் நாலு சொல்லில் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். முதலில் நம்பலை, பூமி பெரிசாகுது, காரணம் கொடுத்தார், இவ்வளவுதான். ஆங்கிலச் சொல் மனசில் ஒட்டாமல் இருப்பதால், பத்தியில் அதே சொல்லைத் தேடி அலைவது நின்றது.

மூன்றாவது பரீட்சை கோயம்புத்தூரில். காலை ஆறு மணி பஸ்ஸில் அப்பாவும் கூட வந்தார், சென்டர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பத்தியில் அந்தக் கேள்வி வந்தது. ஆறு கூற்று, ஐந்து பேர். ஒரு பெயர் மூன்று இடத்தில். கை சில்லிட்டுப் போனது, ஆனாலும் கூற்று பக்கம் போகாமல் மஞ்சள் அடிக்கத் தொடங்கினேன். ஏழு நிமிடத்தில் முடித்தேன், அந்த மூன்று இடத்து ஆளுக்கு ஒரு கூற்றுதான் கொடுத்தேன். வெளியே வந்ததும் அப்பா, "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டார். "இந்தத் தடவை யார் சொன்னதுன்னு பார்த்து எழுதினேன்பா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சரி வா, சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். நாலாம் நாள் ரிசல்ட், ரீடிங் 7.5.

அந்த ரெக்கார்டு நோட்டு இப்போது என்னிடம் இல்லை. எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த, செங்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ரீடிங் 6.5 என்று போன மாதம் வந்து நின்றாள். "அக்கா, என்ன தப்பு பண்றேன்னே தெரியலை" என்றாள். முதலில் எத்தனை கேள்வி, எந்த வகையில் போகிறது என்று எண்ணச் சொல்லி, நோட்டைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குப் போவது வேறு கேள்வியாகவும் இருக்கலாம், எண்ணி முடித்துவிட்டு வரட்டும்.